ஜூனியர் வேலைக்கு இன்டர்வியூ போன 56 வயதுக்காரர் அடுத்து என்ன எழுத வேண்டும்?

கேள்வி: வயது 56. கோவையில் பம்ப் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் மேனேஜராக இருந்தேன். கம்பெனியை மூடிவிட்டார்கள். கடைசிச் சம்பளம் 62,000. போன வெள்ளிக்கிழமை ஒரு ஃபவுண்டரியில் ஜூனியர் அக்கவுண்டன்ட் வேலைக்கு இன்டர்வியூ. சம்பளம் 28,000 என்றார்கள். “சார், உங்க அனுபவத்துக்கு இது சின்ன வேலையாச்சே, இந்தச் சம்பளத்துக்கு எத்தனை நாள் இருப்பீங்க?” என்று எச்.ஆர். பெண் கேட்டார். பக்கத்தில் இருந்த அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கு 34 வயதுதான் இருக்கும், அதிகம் பேசவில்லை. “எவ்வளவு கொடுத்தாலும் சரிங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வாரத்தில் சொல்கிறோம் என்றார்கள். இப்போது மெயில் போடலாமா, போட்டால் என்ன எழுதுவது? இந்தச் சம்பளத்தில் சேர்ந்தால் பென்ஷன் குறையுமா?

பதில்:

போடுங்கள், இன்றைக்கே. அவர்கள் சொன்ன ஒரு வாரம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் பெயரைப் பட்டியலில் வைப்பதா எடுப்பதா என்ற பேச்சு இந்த வாரத்துக்குள்தான் நடக்கும். முடிவு எடுத்தபிறகு வரும் மெயிலை மரியாதைக்காகப் படிப்பார்கள், அவ்வளவுதான்.

ஆனால் எழுதுவதற்கு முன்னால் ஒன்றைச் சரிசெய்ய வேண்டும். “எவ்வளவு கொடுத்தாலும் சரி” என்பது உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் பணிவு. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அங்கே அது வேறு மாதிரி கேட்கும். 62,000 வாங்கியவர் எதையும் யோசிக்காமல் 28,000க்குத் தலையாட்டினால், “மனுஷன் நெருக்கடியில் இருக்கிறார், மூணு மாசத்தில் வேறு இடம் கிடைத்ததும் கிளம்பிவிடுவார்” என்றுதான் நினைப்பார்கள். அந்தப் பெண் கேட்ட கேள்வியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். சம்பளம் போதுமா என்று அவர் கேட்கவில்லை, எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டார். நீங்கள் சம்பளத்துக்குப் பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டீர்கள். கேட்ட கேள்வி அங்கேயே நிற்கிறது. மெயிலின் முதல் வேலை அதற்குப் பதில் சொல்வது.

எத்தனை நாள் என்பதற்கு நேரான பதில் உங்கள் வயதிலேயே இருக்கிறது. நிறைய ஆலைகளில் ஓய்வு வயது 58, சிலவற்றில் 60. அங்கே 58 என்றால் உங்களுக்கு மிச்சம் இரண்டு வருடம். இதைக் குறையாக நினைத்து மறைக்காதீர்கள். ஜூனியர் அக்கவுண்டன்ட் வேலையில் சேரும் 23 வயதுப் பையன் ஒன்றரை வருடம் நின்றாலே பல இடங்களில் அதிர்ஷ்டம்தான். ஆடிட் முடிவதற்குள் போய்விடுவான், இல்லையென்றால் சி.ஏ. பரீட்சைக்கு மாதக்கணக்கில் லீவு கேட்பான். அந்த இடத்தில், “இரண்டு ஆண்டு ஒப்பந்தமாகவே கொடுங்கள், இரண்டு நிதியாண்டுக் கணக்கை முழுதாக முடித்துக் கொடுக்கிறேன்” என்று சொல்வது கனமான பேச்சு. குறித்த கால ஒப்பந்தம் என்பதால் உங்களுக்கும் பெரிய நஷ்டமில்லை. 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, அப்படிச் சேர்பவருக்கு ஒரு வருடம் வேலை பார்த்தாலே கிராஜுவிட்டி உண்டு. நிரந்தரமாகச் சேர்ந்தால் பொதுவாக 5 வருடம் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நாளைக்கே 50,000க்கு ஓர் அழைப்பு வந்தால் போய்விடுவீர்கள் என்றால், இரண்டு வருடம் என்று எழுதாதீர்கள். கோவையில் ஃபவுண்டரி, பம்ப் கம்பெனிகளின் அக்கவுண்ட்ஸ் ஆட்களும் ஆடிட்டர்களும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். பேச்சு மாறினால் அடுத்த இடத்துக்குப் போகும் முன்பே செய்தி போய்விடும்.

அப்புறம், அதிகம் பேசாத அந்த 34 வயது மேனேஜர். உண்மையில் முடிவு அவர் கையில்தான் இருக்கிறது. எச்.ஆர். கேள்வி கேட்பார், ஆனால் “எனக்கு இவர் வேண்டாம்” என்று மேனேஜர் சொன்னால் அத்தோடு முடிந்தது. நீங்கள் வெளியே போன பிறகு அவர் இரண்டு விஷயம் சொல்லியிருப்பார். ஒன்று, “நான் ஒரு வேலை சொன்னால் இவர் கேட்பாரா, இல்லை என் அப்பா மாதிரி எனக்கே பாடம் எடுப்பாரா?” இன்னொன்று, “இவர் மேனேஜராக இருந்தவர். கையெழுத்துப் போட்டுப் பழகியவர். உட்கார்ந்து வவுச்சர் என்ட்ரி போடுவாரா?”

இரண்டாவது சந்தேகம் நியாயமானது. உங்களையே கேட்டுப் பாருங்கள், கடைசியாக நீங்களே டேலியில் ஒரு நாள் முழுக்க என்ட்ரி போட்டது எப்போது? மேனேஜர் நாற்காலியில் இருப்பவர் டே புக்கைப் பார்ப்பார், ட்ரையல் பேலன்ஸைப் பார்ப்பார், தப்பைக் கண்டுபிடிப்பார். என்ட்ரி போடுவது வேறு ஒரு பையன். பழைய ERP 9 திரைக்குப் பழகிய கைக்கு TallyPrime மெனு முதலில் தடுமாறும். எந்த ரிப்போர்ட்டுக்கும் Alt+G அழுத்திப் பெயரைத் தட்டினால் போதும் என்பது தெரியாமல் மெனு மெனுவாகத் தேடிக்கொண்டிருப்பவரை அந்த மேனேஜர் இரண்டே நிமிடத்தில் கண்டுகொள்வார். இதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. டேலியை இறக்கி லைசென்ஸ் இல்லாமல் எஜுகேஷனல் மோடில் திறக்கலாம். மாதத்தின் ஒருசில தேதிகளில் மட்டும் என்ட்ரி போட விடும். பழகுவதற்கு அது தாராளம். F5 பேமென்ட், F6 ரசீது, F7 ஜர்னல், F8 விற்பனை, F9 கொள்முதல் எல்லாம் பழைய மாதிரிதான், விரல் தானாகவே ஞாபகம் வைத்திருக்கும். நாலு நாள் உட்கார்ந்தால் கை வந்துவிடும். உட்காராமல் மெயிலில் “நானே என்ட்ரி போடுவேன்” என்று எழுத வேண்டாம்.

இதைவிட முக்கியம், ஃபவுண்டரியின் தினசரித் தலைவலி எது என்று உங்களுக்குத் தெரியும் எனக் காட்டுவது. ஃபவுண்டரி என்றால் முக்கியமான கொள்முதல்களில் ஒன்று ஸ்கிராப். 2024 அக்டோபர் 10 முதல் அதில் ஜி.எஸ்.டி. மாறியது. பதிவு இல்லாத சின்ன வியாபாரியிடம் உலோக ஸ்கிராப் வாங்கினால் வரியை வாங்குபவரே கட்ட வேண்டும். பதிவுபெற்ற வியாபாரியிடம் வாங்கினால், ஒப்பந்தத் தொகை இரண்டரை லட்சத்தைத் தாண்டும்போது 2 சதவீதம் பிடித்து, அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் GSTR-7 போட வேண்டும். அதே மாதத்தில்தான் போர்ட்டலில் இன்வாய்ஸ்களைச் சரிபார்க்கும் IMS வசதி வந்தது. சப்ளையர் ஏற்றிய ஒவ்வொரு இன்வாய்ஸையும் ஏற்கலாம், மறுக்கலாம், நிறுத்தி வைக்கலாம். ஒன்றும் செய்யாவிட்டால் ஏற்றதாகவே எடுத்துக்கொள்ளும். 14ஆம் தேதி வரிக் கடன் பட்டியலான GSTR-2B வந்த பிறகு ஏதாவது மாற்றினால் திரும்பக் கணக்கிடச் சொல்லிவிட்டுத்தான் வரி கட்டும் ரிட்டர்னான GSTR-3B போட வேண்டும். ஸ்கிராப் வியாபாரி ஒருவர் பில்லைத் தாமதமாக ஏற்றினால் அந்த மாதம் வரிக் கடன் கிடைக்காது. அவருக்குப் போன் போட்டு, பில் நம்பரைச் சொல்லி, ஏற்ற வைக்கிற வேலை யாராவது பார்க்க வேண்டும். அந்த 34 வயது மேனேஜர் இப்போது அதைத் தானே செய்துகொண்டிருப்பார். எனக்குத் தெரிந்து எந்த மேனேஜருக்கும் அது பிடித்த வேலை இல்லை.

அதனால் மெயிலில் “முப்பது ஆண்டு அனுபவம், தலைமைப் பண்பு, குழுவை வழிநடத்திய திறமை” என்றெல்லாம் எழுதாதீர்கள். அவருடைய பயத்தை அதுதான் கூட்டும். பொருந்துவேன் என்று சொல்வதைவிட, அவருடைய மேஜையில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட வேலையை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்வது மேல். அவர் சொல்வதைக் கேட்பேன் என்பதையும் வாக்குறுதியாக எழுத வேண்டாம். “முடித்து உங்கள் பார்வைக்கு வைக்கிறேன்” என்று எழுதினாலே யார் யாருக்குக் கீழே என்பது அதில் வந்துவிடும்.

சம்பளத்துக்கு வருவோம். அவர்களுக்கு ஒரு தொகை இருக்கிறது, 28,000. அதற்கு மேல் கேட்டால் பக்கத்தில் உட்காரும் சீனியர் அக்கவுண்டன்டின் சம்பளத்தோடு இடிக்கும், அதனால் இந்த மெயிலில் பேரம் பேசாதீர்கள். “எவ்வளவு கொடுத்தாலும்” என்பதை எடுத்துவிட்டு அந்தத் தொகையைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள், ஏன் ஏற்கிறீர்கள் என்று ஒரு வரி காரணமும் கொடுங்கள். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, பிள்ளை வேலைக்குப் போய்விட்டான், எது உண்மையோ அது. ஒரே வரி. வீட்டு வரவு செலவை அங்கே விரிக்க வேண்டாம், அனுதாபம் தேடுவது போல ஆகிவிடும். பழைய சம்பளத்தை மறைக்கவும் வேண்டாம். எப்படியும் பே ஸ்லிப் கேட்பார்கள்.

ஆனால் 28,000 என்றால் எது என்று உங்களுக்குள் தெளிவாக இருங்கள். சி.டி.சி., அதாவது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு, 28,000 என்றால் கம்பெனி கட்டும் பி.எஃப். அதற்குள் அடங்கும். 15,000 மீது பி.எஃப். பிடித்தால் கம்பெனி பங்கு, காப்பீடு, நிர்வாகச் செலவு எல்லாம் சேர்த்து 13 சதவீதம், அதாவது 1,950. மீதி 26,050. அதில் உங்கள் பங்கு 1,800 போனால் 24,250. தொழில் வரி தனி. சில இடங்களில் கிராஜுவிட்டி ஒதுக்கீட்டையும் சி.டி.சி.க்குள் நுழைத்துவிடுவார்கள். மொத்தச் சம்பளமே 28,000 என்றால் கைக்கு 26,200 வரும். வித்தியாசம் மாதம் கிட்டத்தட்ட 2,000. இந்தக் கேள்வியை மெயிலில் வைக்காதீர்கள். வேலை உங்களுக்கு என்று போன் வந்தபிறகு கேளுங்கள். பேச வேண்டிய ஒரே பேரமும் அதுதான்: “28,000ஐ கிராஸாக வைத்துக்கொள்ளலாமா?” பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், ஏனென்றால் அவர்கள் சொன்ன எண் மாறவில்லை. 28,000 சம்பளத்துக்கு இ.எஸ்.ஐ. வராமல் போகலாம், அதன் உச்சவரம்பு 21,000. ஆகவே குரூப் மெடிக்ளெய்ம் உண்டா, அதில் உங்கள் மனைவியும் சேர்வாரா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

மெயில் ஆங்கிலத்தில்தான் போகும் என்று நினைக்கிறேன். பொருள் இப்படி இருந்தால் போதும். எச்.ஆருக்கு அனுப்பி, மேனேஜருக்கும் நகல் போடுங்கள்:

“வணக்கம் மேடம். வெள்ளிக்கிழமை எனக்காக நேரம் ஒதுக்கியதற்கு உங்களுக்கும் சாருக்கும் நன்றி.

இந்தச் சம்பளத்துக்கு எத்தனை நாள் இருப்பேன் என்று கேட்டீர்கள். அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. நீங்கள் குறிப்பிட்ட 28,000 எனக்கு ஏற்புடையது. வீட்டுக் கடன் முடிந்துவிட்டதால் முந்தைய சம்பளம் இப்போது எனக்கு அவசியமில்லை. சம்பள உயர்வு மற்றவர்களுக்கு வரும்போது வரட்டும், தனியாகக் கேட்க மாட்டேன். 58 வயது வரை, அதாவது இரண்டு நிதியாண்டுகளை முழுதாக முடித்துக் கொடுக்கும் வரை, இருக்க விரும்புகிறேன். குறித்த கால ஒப்பந்தமாகக் கொடுத்தாலும் சம்மதம்.

வேலையைப் பொறுத்தவரை, மேனேஜர் பொறுப்பை நான் தேடவில்லை. கொள்முதல் என்ட்ரி, வங்கிக் கணக்கு ஒப்பீடு, ஸ்கிராப் சப்ளையர்களின் பில்களை GSTR-2B உடன் ஒப்பிடுவது ஆகியவற்றை நானே உட்கார்ந்து செய்வேன். விடுபட்ட பில்களுக்குச் சப்ளையர்களிடம் பேசி, ஒவ்வொரு மாதமும் 16ஆம் தேதிக்குள் பட்டியலைச் சாரின் பார்வைக்கு வைக்க முடியும்.

தேவையென்றால் அரை நாள் அலுவலகத்துக்கு வந்து, ஏதாவது ஒரு மாதத்தின் பழைய தரவில் இதைச் செய்து காட்டுகிறேன். உங்கள் முடிவுக்குக் காத்திருக்கிறேன்.”

இவ்வளவுதான், ஒரு திரைக்குள் அடங்க வேண்டும். 16ஆம் தேதி என்று ஏன் எழுதினேன் என்றால், 2B 14ஆம் தேதி வருகிறது, 3B கடைசி நாள் 20. நடுவில் மேனேஜருக்கு நாலு நாள் கிடைக்கிறது. இந்த ஒரு தேதியைப் பார்த்ததும் எழுதியவருக்கு வேலை தெரியும் என்று அவருக்குப் புரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 3B போடும் சின்ன கம்பெனியாக இருந்தால் கணக்கு மாறும். இன்டர்வியூவில் அவர்கள் மாதாமாதம் என்று சொல்லியிருந்தால்தான் தேதியை வையுங்கள், இல்லாவிட்டால் அந்த வரியை விட்டுவிடுங்கள்.

அரை நாள் செய்து காட்டுகிறேன் என்பதைச் சிலர் கௌரவக் குறைச்சலாக நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 34 வயது மேனேஜர் 56 வயதுக்காரரைப் பார்த்து, “டேலி திறந்து காட்டுங்க” என்று சொல்லக் கூச்சப்படுவார். கூச்சப்பட்டுக்கொண்டே வேறு ஆளை எடுத்துவிடுவார். நீங்களே கேட்டுக்கொண்டால் அவருடைய சங்கடம் போய்விடும். ஆனால் அரை நாள்தான், மூன்று நாள் சம்பளமில்லாமல் வேலை வாங்கினால் கிளம்பிவிடுங்கள்.

அவர்கள் சொன்ன வாரம் முடிந்து இரண்டு நாள் கழித்தும் பதில் வரவில்லை என்றால் எச்.ஆருக்கு ஒரே ஒரு போன் அல்லது வாட்ஸ்அப். “மேடம், மெயில் அனுப்பியிருந்தேன், ஏதாவது விவரம் வேண்டுமா?” என்று கேட்டால் போதும். அதற்கும் பதில் இல்லை என்றால் இல்லை என்றே பொருள், அடுத்த இடத்தைப் பாருங்கள். முதலாளியைத் தெரிந்தவர் மூலம் மேலிருந்து சொல்ல வைக்கும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். வேலை கிடைத்தாலும் அந்த மேனேஜர் உங்களை முதலாளியின் ஆளாகத்தான் பார்ப்பார், இரண்டு வருடமும் கசப்பாகப் போகும்.

கடைசியாகப் பென்ஷன். பெரும்பாலானவர்களுக்குக் குறையாது, கொஞ்சம் கூடும். பி.எஃப். பென்ஷன் கணக்கு இது: கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பது. அந்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000. நீங்கள் 62,000 வாங்கியபோதும் பென்ஷனுக்கு 15,000தான் கணக்கில் வந்தது, 28,000 வாங்கும்போதும் அதேதான். 58 வரை இரண்டு வருடம் சேவை கூடினால் 2 × 15,000 ÷ 70, மாதம் சுமார் 428 ரூபாய் கூடுதல். பி.எஃப். பிடிக்கும் சம்பளத்தை 15,000க்குக் கீழே, உதாரணமாக 13,000 என்று வைத்தால் சராசரி 14,200 ஆகும். 2014 செப்டம்பருக்குப் பிந்தைய சேவைக்கு மாதம் 150 ரூபாய் போல இழப்பு வரும். கூடும் சேவையோடு சேர்த்துப் பார்த்தால் அப்போதும் உங்களுக்கு லாபம்தான்.

இதற்கு விலக்கு, முழுச் சம்பளத்துக்கும் பென்ஷன் வேண்டும் என்று கூடுதல் பென்ஷனுக்கு விருப்பம் கொடுத்து, அது ஏற்கப்பட்டவர்கள். அவர்களுக்குக் கடைசி 60 மாதச் சராசரி உண்மையான சம்பளத்தில் ஓடுகிறது. பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்தால் அந்தச் சராசரி இறங்கி, சேவை கூடியும் பென்ஷன் கணிசமாகக் குறையலாம். நீங்கள் அந்த விருப்பம் கொடுத்திருந்தால் கையெழுத்துப் போடும் முன் பி.எஃப். அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கொடுக்கவில்லை என்றால் கவலை வேண்டாம். பழைய பி.எஃப். பணத்தை எடுத்துவிடாமல் அதே UAN எண்ணைப் புதிய கம்பெனியில் கொடுத்துக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். 58 ஆனதும் வேலையில் இருந்துகொண்டே 10D படிவம் போட்டுப் பென்ஷன் வாங்கலாம். அதன்பிறகும் அங்கே வேலையைத் தொடர்ந்தால், கம்பெனி பங்கில் பென்ஷனுக்குப் போய்க்கொண்டிருந்த 8.33 சதவீதமும் உங்கள் பி.எஃப். கணக்கிலேயே சேரும்.